விட்டுவிட்டுக் குளிரும் கார் ஏசி: மெக்கானிக்குக்குச் செய்தி எழுதுவது எப்படி?

ஒரேயடியாக நின்றுபோன ஏசியைச் சரிசெய்வது எளிது. விட்டுவிட்டுக் குளிரும் ஏசிதான் மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிக்கும். நெடுந்தூரப் பயணத்தில் பாதி வழியில் வெந்நீர் ஆவி போல் காற்று வீசிய அதே வண்டி, மறுநாள் காலை பட்டறைக்குப் போனதும் சமர்த்தாகக் குளிரும். மெக்கானிக் பானெட்டைத் திறப்பார், கேஜை மாட்டுவார், கையை வைத்துப் பார்ப்பார். "நன்றாகத்தானே இருக்கிறது, சார்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் பார்த்த நேரத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.

குறை தலைகாட்டிய நேரத்தில் அருகில் இருந்தவர் வண்டிக்காரர் மட்டுமே. எனவே இந்த வகைப் பழுதுக்கு அவருடைய சாட்சியம்தான் முதல் கருவி. ஆனால் பெரும்பாலும் போகிற செய்தி இப்படி இருக்கிறது: "ஏசி சில சமயம் குளிரவில்லை. கேஸ் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன், போட்டுவிடுங்கள்." இதில் பார்த்தது ஒன்றுகூட இல்லை. இருப்பது ஓர் ஊகமும் ஓர் உத்தரவும்தான். வேலை நெருக்கடியில் இருக்கும் பட்டறை அந்த உத்தரவை அப்படியே நிறைவேற்றிவிடும். அங்கேதான் செலவு தொடங்குகிறது.

கேஸைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். பெட்ரோலைப் போல ஏசி கேஸ் ஓட ஓடத் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது. ரப்பர் குழாய்கள், சீல்கள் வழியாகப் பல ஆண்டுகளில் மெல்லக் கசிவதும் இதில் அடக்கம். எவ்வளவு கேஸ் வேண்டும் என்பது எடைக் கணக்கு. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சிறு தாளில் கிராம் கணக்கில் அது அச்சிடப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் அரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். கேஜில் அழுத்தம் மட்டும் பார்த்து "கொஞ்சம் குறைவு, சேர்த்துவிடலாம்" என்று ஏற்றினால் அளவு மீறிவிட வாய்ப்புண்டு. மீறினால் அழுத்தம் எகிறும்; அழுத்தம் எகிறினால் பாதுகாப்பு ஸ்விட்ச், கேஸை அழுத்திச் சுழலவைக்கும் கம்ப்ரஸரை நிறுத்தும்; ஏசி விட்டுவிட்டுக் குளிரும். எதைத் தீர்க்கப் போனோமோ அதையே வாங்கிக்கொண்டு வருவோம்.

ஆகவே செய்தியில் ஊகம் வேண்டாம். கவனித்ததை எழுதுங்கள். எதைக் கவனிப்பது என்பதுதான் இனி வருவது.

முதல் படி: காற்று குறைகிறதா, குளிர் குறைகிறதா?

செய்தியில் ஒரே ஒரு விவரத்துக்குத்தான் இடம் இருக்கிறதென்றால், இதை எழுதுங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். வண்டிக்குள் புழுக்கம் ஏறும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் காரணங்கள் முற்றிலும் வேறு.

குறை தொடங்கியதும் நடுத் துவாரத்தின் முன் உள்ளங்கையை வையுங்கள். ப்ளோயரை நடுத்தர வேகத்தில் வையுங்கள். காற்றின் தள்ளல் எப்படி இருக்கிறது? ப்ளோயர் வழக்கம்போல இரைகிறது, ஆனால் கையில் படும் காற்று மெலிந்துவிட்டது, வருகிற கொஞ்சக் காற்றும் ஓரளவு சில்லென்றுதான் இருக்கிறது என்றால், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில் பனிக்கட்டியால் அடைபட்டிருக்கிறது.

அது நடக்கும் விதம் இது. கூலிங் காயிலின் மேல் படும் காற்றிலுள்ள ஈரம் நீராகி வடிய வேண்டும். வண்டிக்கு அடியில் சொட்டுகிறதே, அந்த நீர் இதுதான். காயிலின் வெப்பநிலை உறைநிலையைத் தொடும் முன்பே ஒரு சென்சார் கம்ப்ரஸரை நிறுத்திவிடும் அல்லது அதன் வேலையைக் குறைத்துவிடும். அந்த சென்சார் தவறான அளவைக் காட்டினாலோ, அது காயிலிலிருந்து விலகியிருந்தாலோ, ஏசி ஃபில்டர் தூசியால் அடைத்துக் காயிலுக்குப் போதிய காற்று போகாவிட்டாலோ, கேஸ் சற்றே குறைந்திருந்தாலோ, காயில் உறைநிலைக்குக் கீழே இறங்கும். வடிய வேண்டிய நீர் தகடுகளுக்கு இடையில் உறையும். உறைந்தது காற்றை மறிக்கும். காற்று குறையக் குறைய இன்னும் வேகமாக உறையும்.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய வழி உண்டு. ஏசி பொத்தானை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓட விடுங்கள். கால் மணி நேரத்துக்குள் காற்றின் வேகம் பழைய நிலைக்குத் திரும்பி, வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட நிறைய நீர் கொட்டினால், பனிக்கட்டிதான். "ஏசியை அணைத்து ப்ளோயரை ஓடவிட்டேன், 12 நிமிடத்தில் காற்று திரும்பியது, நீர் நிறையக் கொட்டியது" என்ற ஒரு வரி, மெக்கானிக்கின் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

காற்றின் வேகம் துளியும் குறையவில்லை, குளிர் மட்டும் போய்விட்டது என்றால் கதை வேறு. காயிலுக்குக் குளிர்ச்சியே வந்து சேரவில்லை. கம்ப்ரஸர் நின்றிருக்கலாம், ஓடியும் பயனில்லாமல் இருக்கலாம், அரிதாக, குளிர்ந்த காற்றோடு ஹீட்டரின் சூடு கலந்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு ஓர் அடையாளம் உண்டு: டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்கும், அல்லது ஒரு பக்கத் துவாரத்தில் குளிரும் மறுபக்கத்தில் சூடும் வரும். அதைக் கேட்டால், பார்த்தால் எழுதுங்கள். மற்ற இரண்டையும் பிரிப்பதுதான் அடுத்த படி.

இரண்டாம் படி: அந்த நேரத்தில் கம்ப்ரஸர் ஓடுகிறதா?

பல கார்களில் கம்ப்ரஸரின் முன்புறத்தில் ஒரு காந்த கிளட்ச் இருக்கும். பெல்ட் மாட்டியிருக்கும் புல்லி, இன்ஜின் ஓடும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஏசியைப் போட்டதும் கிளட்ச்சுக்குள் இருக்கும் வேறொரு காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு, மின்சாரம் போய், முன்னால் இருக்கும் தட்டைப் புல்லியோடு இழுத்து ஒட்டவைக்கும். அப்போதுதான் கம்ப்ரஸர் சுற்றும். தட்டு ஒட்டும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.

இருக்கையில் இருந்தபடியே இதை ஓரளவு அறியலாம். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஏசி பொத்தானை அணைத்துப் போடுங்கள். கம்ப்ரஸர் சேரும்போது இன்ஜினின் ஒலி ஒரு கணம் அமுங்கி எழும்; சிறிய இன்ஜின்களில் இது தெளிவாகவே தெரியும். நன்றாகக் குளிரும் ஒரு நாளில் இதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். குறை வந்த நேரத்தில் அந்த மாற்றம் இல்லையென்றால் அதை எழுதலாம்.

கண்ணால் பார்ப்பது இன்னும் உறுதி. பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, கியரை நியூட்ரலிலோ பார்க்கிங்கிலோ வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து, ஓரடி தள்ளி நின்று பாருங்கள். தளர்ந்த சட்டை, துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது. கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கான ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். குழாய்களைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். அவற்றில் ஒன்று கையைச் சுட்டுவிடும். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டே: புல்லியின் நடுவில் உள்ள தட்டு சுற்றுகிறதா, ரேடியேட்டருக்கு அருகில் உள்ள ஃபேன் ஓடுகிறதா. கைபேசியில் இருபது நொடி வீடியோ எடுத்தால் போதும்.

தட்டு சில நொடிக்கு ஒருமுறை ஒட்டியும் விலகியும் துடித்துக்கொண்டிருந்தால், கேஸ் குறைவு என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு. குறைந்த அழுத்தத்தைக் கண்டு ஸ்விட்ச் நிறுத்துகிறது, நின்றதும் அழுத்தம் மீள்கிறது, மறுபடி சேர்கிறது. தட்டு அசையாமல் நின்றிருந்தால் மின்சாரப் பக்கம், கிளட்ச் பக்கம். தட்டு சீராகச் சுற்றியும் குளிர் இல்லையென்றால் குழாய்க்குள் தேட வேண்டும். உள்ளே ஈரம் புகுந்திருந்தால் அது, கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் உறைந்து கேஸை மறிக்கும். சிறிது நேரம் அணைத்துவைத்தால் உருகி வழிவிடும். காற்றின் வேகம் குறையாமலே குளிர் மட்டும் போய்த் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சில புதிய கார்களில் இந்த கிளட்ச்சே கிடையாது. கம்ப்ரஸர் எப்போதும் சுற்றிக்கொண்டு, உள்ளே இருக்கும் வால்வினால் தன் வேலையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அவற்றில் தட்டைப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. "சத்தத்தில் மாற்றம் இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். மின்சார, ஹைப்ரிட் கார்களில் கம்ப்ரஸருக்கு உயர் மின்னழுத்தக் கேபிள் போகும். அதன் ஆரஞ்சு நிறமே எச்சரிக்கை. அங்கே பானெட்டுக்குள் ஆராய்ச்சி வேண்டாம்.

மூன்றாம் படி: எப்போது வருகிறது, எப்படிப் போகிறது?

"சில சமயம்" என்ற சொல்லைச் செய்தியில் இருந்து நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, கடைசியாக நடந்த ஒரே ஒரு சம்பவத்தை நேர வரிசையில் எழுதுங்கள். மூன்று மாத அனுபவத்தைப் பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பிற்பகலைத் துல்லியமாகச் சொல்வது மெக்கானிக்குக்கு உதவும்.

ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? அப்படியானால் கண்டென்சரைக் குளிரவைக்கும் காற்றில்தான் முதல் சந்தேகம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும். இந்த நிலையில் இன்ஜின் சூட்டு முள் எங்கே நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஃபேன் ஓடவில்லையென்றால் முள்ளும் ஏறத் தொடங்கலாம். இன்ஜின் அளவு மீறிச் சூடானால் பல கார்களில் கட்டுப்பாட்டுக் கணினியே ஏசியைத் துண்டித்துவிடும்.

கிளம்பி நெடுநேரம் ஓடிய பிறகுதான் வருகிறதா? பனிக்கட்டியும் உண்டு, சூட்டில் தளரும் கிளட்ச்சும் உண்டு. இவை இரண்டையும் முதல் படி பிரித்துக் காட்டிவிடும். திரும்பச் சரியாவதற்கு என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதும் அதே அளவு முக்கியம். ஏசியை அணைத்தால் போதுமா, இன்ஜினையே நிறுத்த வேண்டுமா, எவ்வளவு நேரம்?

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது சில நொடிகள் கம்ப்ரஸர் விலகுவது பல கார்களில் இயல்பு. சிக்னலில் தானாக இன்ஜினை நிறுத்தும் வசதியுள்ள கார்களில் இன்ஜின் நின்ற நேரத்தில் குளிர் மெல்லக் குறைவதும் இயல்பு. இவற்றையும் குறைப் பட்டியலில் சேர்த்தால் மெக்கானிக் தவறான திசையில் போவார்.

நான்காம் படி: ஒரு தெர்மாமீட்டர்

"குளிர் குறைவு" என்பது ஆளுக்கு ஆள் மாறும். கம்பி போன்ற முனையுள்ள சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத் துவாரத்தில் செருகிவைத்தால் பேச்சுக்கு இடமில்லை. எல்லா ஜன்னலும் மூடியிருக்கட்டும். உள்காற்றே சுழலும் பொத்தான் போட்டிருக்கட்டும். வெப்பநிலைத் திருகி கடைசிக் குளிரில் இருக்கட்டும். இந்த அமைப்பை மாற்றாமல், நன்றாகக் குளிரும்போது ஓர் அளவும், குறை வந்தபின் ஓர் அளவும், அன்றைய வெளி வெப்பநிலையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று எண்கள் போதும். ஓட்டுபவர் குறிக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் அந்த வேலையைக் கொடுங்கள்.

ஒரு செய்தி, முழுவதுமாக

இப்போது மேலே சொன்னவற்றை வைத்து ஒரு செய்தியை எழுதிப் பார்க்கலாம். காரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் காரின் பெயரையும் மாடலையும் முழுதாக எழுதுங்கள்.

> வணக்கம் அண்ணா. என் கார் 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏசி கையால் திருகும் வகை.
>
> குறை: கிளம்பியதிலிருந்து நன்றாகக் குளிர்கிறது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு ஏசியையோ இன்ஜினையோ ஒருமுறை நிறுத்திப் போட்டால், அதன்பின் குளிர் வருவதில்லை. காற்றின் வேகம் குறையவில்லை. குளிர் மட்டும்தான் போகிறது.
>
> கடைசியாகச் சனிக்கிழமை பிற்பகல் நடந்தது. வெளியே 36 டிகிரி. ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டியவரை நடுத் துவாரத்தில் 8 டிகிரி இருந்தது. பெட்ரோல் போட 5 நிமிடம் இன்ஜினை நிறுத்தினேன். மறுபடி கிளம்பியதும் அளவு ஏறத் தொடங்கி, 10 நிமிடத்தில் 31 டிகிரிக்குப் போய்விட்டது.
>
> ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஏசி விளக்கு எரிந்தது. கண்டென்சர் ஃபேன் ஓடியது. கம்ப்ரஸர் புல்லி சுற்றியது, முன் தட்டு சுற்றவில்லை. ஏசியை அணைத்துப் போட்டபோதும் 'டக்' சத்தம் வரவில்லை. சூட்டு முள் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. வீடியோ அனுப்பியிருக்கிறேன்.
>
> இன்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்தே வைத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்துப் போட்டபோது தட்டு ஒட்டியது, குளிர் வந்தது.
>
> முந்தைய வேலைகள்: போன வருடம் வேறு பட்டறையில் கேஸ் ஏற்றினார்கள். எவ்வளவு என்று ரசீதில் இல்லை. ஏசி ஃபில்டர் இரண்டு மாதம் முன்பு மாற்றியது. முன்பக்கம் எதிலும் இடித்ததில்லை.
>
> ஒரு வேண்டுகோள்: வண்டி ஆறியிருந்தால் குறை தெரியாது. நீங்கள் சொல்லும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாகவே கொண்டுவருகிறேன், வந்தவுடன் பார்க்க முடியுமா? கேஸ் சேர்ப்பதாக இருந்தால் அதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இதில் "கிளட்ச் போய்விட்டது" என்று எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தட்டு சுற்றவில்லை என்பது பார்த்தது. கிளட்ச் போய்விட்டது என்பது முடிவு. முடிவு அவருடைய தொழில். உங்கள் முடிவை எழுதினால், சில பட்டறைகளில் அதையே மாற்றிவிட்டு "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்பார்கள். அதற்கு மறுபேச்சு பேச முடியாது.

மெக்கானிக் இதை எப்படிப் படிப்பார்?

காற்றின் வேகம் குறையவில்லை என்ற வரியிலேயே பனிக்கட்டி கழிந்துவிட்டது. தட்டு நின்றிருந்தது என்பதால் எக்ஸ்பான்ஷன் வால்வும் இப்போதைக்குக் கழிந்தது. ஃபேன் ஓடியிருப்பதால் ஏசிக்கான கட்டளை போயிருக்கவே வாய்ப்பு அதிகம். அழுத்த ஸ்விட்ச் துண்டித்திருந்தால் பல கார்களில் அந்தக் கட்டளையே நின்றிருக்கும். எல்லாக் கார்களிலும் அப்படியில்லை என்பதால் அவர் இதை ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்வார், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அவர் கண்ணை நிறுத்தும் வரி வேறு: ஒரு மணி நேரம் தடையின்றிக் குளிர்ந்தது, நிறுத்திப் போட்டபின்தான் போனது. கிளட்ச் காயில் என்பது செம்புக் கம்பிச் சுருள். சூடு ஏற ஏறச் செம்பின் மின்தடை கூடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம். ஆறிய நிலையைவிட 80 டிகிரி ஏறினால் தடை சுமார் முப்பது சதவீதம் கூடி, மின்னோட்டம் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும். காந்த இழுவிசை அதைவிட வேகமாகக் குறையும், ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். புதிய கிளட்ச்சில் இது பொருட்டே இல்லை, ஏனென்றால் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே உள்ள இடைவெளி மெல்லியது. பல கம்ப்ரஸர்களில் அது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். வருடக்கணக்கில் ஒட்டி ஒட்டித் தேய்ந்தால் அந்த இடைவெளி அகலும்.

ஒட்டியிருக்கும் தட்டைப் பிடித்துவைத்திருக்க அதிக விசை வேண்டாம். விலகியிருக்கும் தட்டை இடைவெளி தாண்டி இழுக்கத்தான் விசை வேண்டும். அதனால்தான் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரமும் குறை தெரியவில்லை. நிறுத்திய அந்த ஐந்து நிமிடத்தில் பானெட்டுக்குள் காற்றோட்டம் இல்லாமல் சூடு தேங்கியது. அதன்பின் காயில் இழுத்தபோது தட்டு வரவில்லை. அரை மணி நேரத்தில் ஆறியதும் வந்தது. செய்தியின் ஒவ்வொரு வரியும் இந்த விளக்கத்துக்குள் பொருந்துகிறது.

பொருந்துவது மட்டும் போதாது. கிளட்ச்சுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே சூட்டில் தொடர்பு விட்டாலும் இதேபோல் நடிக்கும். இரண்டையும் பிரிக்க நேரான வழி, குறை இருக்கும்போதே கிளட்ச்சுக்குப் போகும் கனெக்டரில் வோல்ட்மீட்டரை வைப்பது. வண்டியைச் சூடாகக் கொண்டுவருகிறேன் என்ற வேண்டுகோளின் மதிப்பு இங்கேதான். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் இருக்கும் 14 வோல்ட்டுக்கு நெருக்கமாக அங்கும் இருந்து, தட்டு மட்டும் அசையவில்லையென்றால் குறை கிளட்ச்சில். அங்கே மின்சாரமே இல்லையென்றால் ரிலே, ஸ்விட்ச், வயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பத்து, பதினொன்று என்று காட்டினால் எங்கோ கருகிய தொடர்பு மின்சாரத்தைத் தின்கிறது. அந்த நிலையில் கிளட்ச்சை மாற்றினாலும் கொஞ்ச நாளில் குறை திரும்பும்.

நம் உதாரணத்தில் கனெக்டரில் 13.8 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்ஜினை நிறுத்தி, இடைவெளித் தகட்டைச் செருகிப் பார்த்தால் 0.9 மில்லிமீட்டர். பல கம்ப்ரஸர்களில் முன் தட்டு ஒரே போல்ட்டில் மாட்டியிருக்கும். அதற்குப் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருக்கும். தகுந்த தடிமனுள்ள ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் இடைவெளி 0.4-க்கு வந்துவிடும். கேஸைத் திறக்கவே தேவையில்லை. ஆனால் தட்டின் முகம் நீலம் பாய்ந்து கருகியிருந்தாலோ, புல்லியின் பேரிங் இரைந்தாலோ வாஷர் வேலை நெடுநாள் நிற்காது. கிளட்ச் செட்டையே மாற்றுவதுதான் சரி. காயிலின் தடையையும் ஆறியபோதும் சூடானபோதும் அளப்பது நல்லது. வழக்கமாக 3 முதல் 5 ஓம் வரை இருக்க வேண்டியது, சூட்டில் திடீரென்று பலமடங்கு எகிறினால் சுருளே உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கிறது. வாஷரை எடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

கேஸ் அளவு தெரியாமல் ஏற்றப்பட்டிருப்பது தனிக் கேள்வியாக நிற்கிறது. அழுத்தம் இயல்பாக இருந்து, குளிரும்போது 8 டிகிரி வருகிறதென்றால் அதை இன்றே தொட வேண்டியதில்லை. தொட்டாக வேண்டுமென்றால் இருப்பதை முழுதாக வெளியே எடுத்து எடைபோட்டு, வேக்கம் இழுத்து, தாளில் உள்ள கிராம் அளவுக்கே திரும்ப நிரப்பச் சொல்லுங்கள்.

வண்டியைத் திரும்ப வாங்கும்போது

பட்டறையில் நின்றபடி பத்து நிமிடம் குளிர்ந்ததைக் காட்டினால் அதை ஏற்க வேண்டாம்; அது முன்பும் குளிர்ந்ததுதான். குறை வந்த அதே வரிசையைத் திரும்ப நடத்துங்கள்: ஒரு மணி நேர ஓட்டம், ஐந்து நிமிட நிறுத்தம், மறுபடி இன்ஜின், மறுபடி ஏசி. 'டக்' கேட்க வேண்டும். துவாரத்தில் அளவு மீண்டும் பழைய இடத்துக்கு இறங்க வேண்டும். முன்பு எடுத்த அதே நடுத் துவாரத்தில், அதே ப்ளோயர் வேகத்தில் எடுங்கள். இதைப் பட்டறைக்குப் போகும் முன்பே செய்தியில் சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. "வேலை முடிந்தபின் இதே மாதிரி ஓட்டிப் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன்" என்று எழுதினால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

குறை மறுபடி வந்தால் புதிய செய்தி எழுத வேண்டாம். பழைய செய்திக்குக் கீழேயே அன்றைய தேதி, வெளி வெப்பநிலை, துவாரத்தில் எடுத்த இரண்டு அளவுகள், என்ன மாறியிருக்கிறது என்பதைச் சேர்த்து அனுப்புங்கள். முன்பு நின்றிருந்த தட்டு இப்போது சுற்றியும் குளிர் இல்லையென்றால், அதையே முதல் வரியாக வையுங்கள். அது பழைய குறை இல்லை. குழாய்க்குள் இருக்கும் வேறொன்று.